மூன்று கல்வியாண்டு, ஒரே முகவரி

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகை ஒப்பந்தம் என்றால் 11 மாதம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருடம் என்றால் 12 மாதம். இந்த ஒரு மாத வித்தியாசம் முதல் வருடம் யார் கண்ணிலும் படாது. மூன்றாம் வருடம்தான் அது எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் ஒரு குடும்பம் 2026 ஜூன் 1-ஆம் தேதி பால் காய்ச்சி ஒரு வாடகை வீட்டுக்குக் குடிபோகிறது. பையன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். முதல் 11 மாத ஒப்பந்தம் 2027 ஏப்ரல் 30-இல் முடிகிறது. பரவாயில்லை, கோடை விடுமுறை. புதுப்பிக்கிறார்கள். இரண்டாவது ஒப்பந்தம் 2028 மார்ச் 31-இல் முடிகிறது. பிளஸ் ஒன் ஆண்டுத்தேர்வுக் காலம். மறுபடி புதுப்பித்தால் மூன்றாவது ஒப்பந்தம் 2029 பிப்ரவரி 28-இல் முடியும். அப்போது பையன் பிளஸ் டூ. செய்முறைத் தேர்வு நடக்கும் மாதம் அது. அடுத்த மாதம் பொதுத்தேர்வு. அந்த வாரத்தில் வீட்டுக்காரர் கூப்பிட்டு, “வாடகையை மூவாயிரம் ஏத்தித் தர்றதுன்னா இருங்க, இல்லைன்னா வேற பார்த்துக்குங்க” என்றால், அந்தக் குடும்பத்துக்குப் பேரம் பேச ஒன்றுமே இல்லை. கேட்டதைக் கொடுக்கத்தான் வேண்டும். வீட்டுக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தேதி அப்படி வந்து விழுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு மாற்றாகத்தான் ஒரு யோசனையை வீட்டுக்காரரிடம் வைக்கலாம் என்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒரே ஒப்பந்தம். வாடகை ஒவ்வொரு ஜூனிலும் இவ்வளவு ஏறும் என்று முதல் நாளே எழுதிக்கொள்வது. முடியும் தேதி மே 31. பலர் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள். கேட்டால் ‘லீஸா?’ என்று வீட்டுக்காரர் குழம்புவார் என்பதும் ஒரு காரணம். நம் ஊரில் லீஸ் என்றால் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது, அதாவது ஒத்தி. நான் சொல்வது அதல்ல. மாதாமாதம் வாடகை கொடுத்துக் குடியிருப்பதுதான், காலம் மட்டும் நீளம். எனவே பேசும்போது ‘லீஸ்’ என்ற சொல்லையே எடுக்காமல் ‘மூன்று வருட வாடகை ஒப்பந்தம்’ என்று சொல்லிவிடுவது நல்லது.

அப்படியானால் எல்லோரும் ஏன் 11 மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்? 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு என்றால் சார் பதிவாளர் அலுவலகம், முத்திரைத் தீர்வை, கட்டணம், அரை நாள் அலைச்சல். ஓராண்டுக்குள் அடக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதனால் முத்திரைத்தாளில் 11 மாதம் என்று அச்சடித்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிடுகிறோம்.

இங்கேதான் முதல் பள்ளம் இருக்கிறது. சிலர் வீட்டுக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டு, அதே முத்திரைத்தாளில் ‘11 மாதம்’ என்பதை அடித்து ‘36 மாதம்’ என்று எழுதிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பதிவு செய்யாத மூன்று வருட ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை நிரூபிக்க அந்தத் தாளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. நீங்கள் குடியிருப்பவர் என்பது மட்டும் நிற்கும்; மூன்று வருடம் என்பது நிற்காது. மாதாமாத வாடகைதாரர் என்ற நிலைக்குத்தான் இறங்கிவிடுவீர்கள். பதிவில்லாத மூன்று வருடத்தைவிட ஒழுங்காக எழுதிய 11 மாதமே மேல் என்பேன். அதிலாவது நமக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று நமக்கே தெரியும்.

பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்? எடுத்துக்கொண்ட குடும்பத்தையே வைத்துப் பார்ப்போம். இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 18,000 ரூபாய், ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்வு. முதல் வருடம் மாதம் 18,000. இரண்டாம் வருடம் 18,900. மூன்றாம் வருடம் 19,845. மூன்று வருட வாடகை மொத்தம் 6,80,940 ரூபாய். தமிழ்நாட்டில் 30 ஆண்டுக்குக் குறைவான குத்தகைக்கு முத்திரைத் தீர்வை மொத்தத் தொகையில் 1 சதவீதம், பதிவுக் கட்டணம் இன்னொரு 1 சதவீதம். ஆக 13,600 ரூபாய் சுமார். அட்வான்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் ஆயிரம் ரூபாய் போல ஏறும். ஆவணம் எழுதுபவருக்குக் கொடுப்பது தனி. கட்டணங்களை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால், போகும் முன் பதிவுத் துறையின் tnreginet.gov.in தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினைந்தாயிரம் என்றதும் மலைக்கத் தோன்றும். ஒரு தடவை வீடு மாறினால் ஆகும் செலவை எழுதிப் பாருங்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 18,000. பழைய வீட்டு அட்வான்ஸில் பெயின்ட் அடிக்க என்று பிடிப்பது பெரும்பாலும் இன்னொரு மாத வாடகை. லாரி, ஆள் கூலி, ஏ.சி.யைக் கழற்றி மாட்டுவது, பால்காரரில் தொடங்கி பள்ளி வேன் வரை எல்லாவற்றையும் புதிதாக ஏற்பாடு செய்வது. இரண்டு மாத வாடகையைத் தாண்டாமல் யாரும் வீடு மாறியதில்லை. பதிவுச் செலவு ஒரு மாத வாடகையைக்கூடத் தொடவில்லை, அதுவும் மூன்று வருடத்துக்கு.

குத்தகைப் பத்திரத்துக்கான முத்திரைச் செலவு, வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, குடியிருப்பவருடையதுதான் என்று இந்திய முத்திரைச் சட்டமே சொல்கிறது. எனவே பேச்சைத் தொடங்கும்போதே, “பதிவுச் செலவு என்னோடது சார்” என்று சொல்லிவிடுவது தானம் அல்ல. ஆனால் வீட்டுக்காரர் காதில் அது நன்றாக விழும்.

இனி அவர் பக்கத்துக் கணக்கு. 5 சதவீதம் குறைவு, வெளியே 10 சதவீதம் ஏற்றுகிறார்கள் என்பார். அவர் சொல்கிறபடியே 10 சதவீதம் ஏற்றினால் வாடகை 18,000, 19,800, 21,780 என்று போகும். மூன்று வருடத்தில் 7,14,960 ரூபாய். 5 சதவீதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் 34,020 ரூபாய். இந்த மூன்று வருடத்தில் குடியிருப்பவர் ஒரே ஒருமுறை கழன்றுகொண்டு, வீடு ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்தால் 19,800 வீதம் 29,700 ரூபாய் போயிற்று. புதிதாக வருகிறவருக்குக் காட்ட சுவருக்கு வெள்ளையடித்து, குழாய் மாற்றி, ஒழுகும் பிளஷ் டேங்கைச் சரிசெய்தால் மீதியும் போயிற்று. பெயின்டுக்குப் பழையவரிடம் பிடித்திருந்தாலும் வீடு காலியாகக் கிடந்ததற்கு யாரிடமும் பிடிக்க முடியாது. ஆகவே 5 சதவீதம் என்பது வீட்டுக்காரர் நமக்குப் போடும் பிச்சை அல்ல. வீடு காலியாகாது என்ற உறுதிக்கு அவர் கொடுக்கும் விலை. வாடகை வேகமாக ஏறும் பகுதி என்றால் 6, 7 வரை போகலாம். அதைவிட மேலே போனால் மூன்று வருடம் கட்டிக்கொள்வதில் நமக்கு என்ன லாபம் என்று யோசிக்க வேண்டும்.

பேச்சு நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். வாடகை கொடுக்கப் போகும் நாளில், வாசலில் நின்றபடி இதை எடுக்கக் கூடாது. தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் கேட்டுக்கொண்டு, கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும்.

“சார், பையன் பத்தாவது போறான். பிளஸ் டூ முடியிற வரைக்கும் வீடு மாத்தாம இருந்தா அவனுக்கு நல்லது. மூணு வருஷத்துக்குச் சேர்த்து எழுதிக்கலாமான்னு கேட்கத்தான் வந்தேன். வருஷா வருஷம் ஜூன்ல அஞ்சு பர்சென்ட் நீங்க கேட்காமலேயே ஏத்தித் தந்துடுவேன்.”

“தம்பி, உங்களைப் பத்தி ஒண்ணும் இல்லை. மூணு வருஷம்னு எழுதிட்டு, அப்புறம் காலி பண்ணச் சொன்னா பண்ணமாட்டேன்னு உட்கார்ந்துட்டா நான் கோர்ட்டுக்கா அலையுறது?”

பெரும்பாலான வீட்டுக்காரர்களின் பயம் இதுதான். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டக் காலத்தில் ஐம்பது ரூபாய் வாடகையில் முப்பது வருடம் உட்கார்ந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் 1960-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டின் சட்டம், வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துவது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீட்டைக் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதத்துக்கு இரு மடங்கு வாடகையும், அதற்குப் பிறகு நான்கு மடங்கும் இழப்பீடாகக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதாவது தேதி போட்டு எழுதிப் பதிவு செய்த பத்திரம் வீட்டுக்காரருக்கும் ஆயுதம். வாய்ப்பேச்சில் வருடக்கணக்காக ஓடும் வாடகையில்தான் அவருக்கு அந்தப் பலம் இல்லை. இதைச் சண்டைக்காரத் தொனியில் இல்லாமல், “உங்களுக்கும் சேர்த்துத்தான் சார் பாதுகாப்பு” என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

இதே சட்டம் உயர்வு விஷயத்திலும் நமக்கு உதவுகிறது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், உயர்வுத் தொகையோ அதைக் கணக்கிடும் முறையோ பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய, இடையில் வாடகையை ஏற்ற முடியாது. எனவே ஒவ்வொரு வருட உயர்வையும் எழுதாமல் விட்டால் அது வீட்டுக்காரருக்கு நஷ்டம். தெளிவில்லாமல் எழுதினால் இருவருக்கும் சண்டை.

இரண்டாவது பயம் ஈ.சி. பற்றியது. “பதிவு பண்ணினா வில்லங்கத்துல ஏறிடும். நாளைக்கு வீட்டை விக்கணும்னா எவன் வாங்குவான்?” உண்மைதான், ஏறும். ஆனால் எந்தத் தேதியோடு முடிகிறது என்பதும் அதிலேயே இருக்கும். 2029 மே 31-உடன் முடியும் குத்தகை, வாங்குபவருக்குப் பெரிய தலைவலி அல்ல. இடையிலேயே நாம் காலி செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சரியான கேள்வி. அப்போது குத்தகை முடிந்துவிட்டது என்று ஓர் ஒப்படைப்புப் பத்திரத்தைப் பதிவு செய்தால் ஈ.சி.யில் அதுவும் ஏறிவிடும். ‘முன்கூட்டிக் காலி செய்தால் ஒப்படைப்புப் பத்திரத்துக்குக் கையெழுத்திட வருவேன், செலவும் என்னுடையது’ என்று ஒரு வரி எழுதித் தந்துவிட்டால் இந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். பதிவு செய்தால் வாடகை வருமானம் கணக்கில் வந்துவிடும். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், பல வீடுகளில் அந்தக் கணக்கு ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. வரவில்லை என்றால் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தக் காரணத்துக்காகத் தயங்குகிறவரை வாதாடி ஜெயிக்க முடியாது.

சம்மதித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் எதை எழுதுவது என்பதில்தான் மூன்று வருட நிம்மதி இருக்கிறது. உயர்வை இப்படி எழுதக் கூடாது: ‘ஆண்டுதோறும் இருவர் சம்மதத்தின்பேரில் 5 சதவீதம் வரை உயர்த்தலாம்’. ‘சம்மதம்’, ‘வரை’, ‘லாம்’ மூன்றும் மூன்று சண்டைக்கு வித்து. சதவீதத்தையே விட்டுவிட்டு ரூபாயில் எழுதிவிடுங்கள்: ‘1.6.2026 முதல் 31.5.2027 வரை மாதம் ரூ.18,000; 1.6.2027 முதல் 31.5.2028 வரை மாதம் ரூ.18,900, 1.6.2028 முதல் 31.5.2029 வரை மாதம் ரூ.19,845.’ ஐந்து சதவீதம் முதல் வாடகையின் மேலா, போன வருட வாடகையின் மேலா என்ற கேள்வியே எழாது. முதல் வாடகையின் மேல் என்றால் மூன்றாம் வருடம் 19,800தான். வித்தியாசம் வெறும் 45 ரூபாய். ஆனால் நாற்பத்தைந்து ரூபாய்க்காக முகம் கொடுத்துப் பேசாமல் போன இரு வீட்டாரும் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

வாடகையைக் கட்டிப்போட்டுவிட்டால் மற்ற பக்கம் புகுந்துகொள்ளும். மெயின்டெனன்ஸ் என்று மாதம் 1,500 வாங்குகிறவர் அடுத்த வருடம் 3,000 என்றால் ஐந்து சதவீதம் என்ற பேச்சே கேலிக்கூத்தாகிவிடும். அதேபோல் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் கரண்ட் பணம், கோடையில் லாரித் தண்ணீருக்குப் பங்கு, அட்வான்ஸ். எனவே மெயின்டெனன்ஸ் எவ்வளவு, அதில் என்னென்ன அடக்கம், குடியிருப்போர் சங்கம் உயர்த்தினால் மட்டும் அந்த அளவுக்கு உயரும் என்று எழுத வேண்டும். மின்கட்டணம் மின்வாரிய அட்டையில் வரும் தொகைதான் என்று எழுத வேண்டும். அட்வான்ஸ் மூன்று வருடமும் மாறாது என்பதையும் எழுத வேண்டும். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொண்டால் அது செல்லும். அந்தச் சந்தில்தான் சென்னையில் இன்றும் ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்கிறார்கள். மூன்று வருடம் உறுதி கொடுக்கிறோம் என்பதால் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்டால், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உறுதிக்கு விலையாகத்தான் ஆண்டு உயர்வும் பதிவுச் செலவும் கொடுக்கிறோமே.

அடுத்தது, யார் எப்போது ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது. பிள்ளைகள் படிப்புக்காக எழுதுகிற ஒப்பந்தத்தின் உயிரே இந்தப் பத்தியில்தான். வழக்கமான அச்சுப் பத்திரத்தில் ‘இரு தரப்பாரும் இரண்டு மாத முன்னறிவிப்பில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி இருக்கும். ஆவணம் எழுதுபவர் பழைய மாதிரியை அப்படியே எடுத்து அடிக்கும்போது இதுவும் கூடவே வந்துவிடும். அந்த வரி இருந்தால் மூன்று வருடம் என்று மேலே எழுதியதற்கு அர்த்தமே இல்லை. உங்கள் கையில் இருப்பது இரண்டு மாத ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

அதற்குப் பதில் என்ன எழுதலாம்? வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுதல், வீட்டைத் தவறாகப் பயன்படுத்துதல் போன்றவற்றுக்காக வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம். அது நியாயம், சட்டத்திலும் இருக்கிறது. இவை தவிர அவருக்கே வீடு தேவைப்படலாம். வெளிநாட்டு மகன் திரும்பி வருகிறான், மகளுக்குப் பிரசவம், வயதான காலத்தில் மாடி ஏற முடியவில்லை. இதை முற்றாக மறுத்தால் அவர் கையெழுத்தே போடமாட்டார். மறுக்கவும் வேண்டாம், தேதியை மட்டும் நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். ‘சொந்தத் தேவைக்காகக் கேட்பதானால் ஜனவரி 31-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், காலி செய்யும் நாள் அந்த வருடம் மே 31-ஆக மட்டுமே இருக்கும், மூன்றாம் ஆண்டுக்கு இது பொருந்தாது.’ இந்த ஒரு வாக்கியம் கல்வியாண்டின் நடுவில் வீடு மாறுவதைத் தடுத்துவிடுகிறது. வீட்டுக்காரருக்கும் ஒரு வழி விடுகிறது. மூன்றாம் ஆண்டை விலக்குவதற்குக் காரணம் பிளஸ் டூ என்று சொன்னால் எந்த வீட்டுக்காரருக்கும் புரியும். அவர் வீட்டிலும் ஒரு பேரன் இருப்பான்.

“நீங்க மட்டும் எப்ப வேணா போகலாமா?” என்று அவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். நமக்கு இடமாற்றம் வரலாம், வேலையே போகலாம். முதல் 12 மாதத்துக்குள் போனால் ஒரு மாத வாடகையை ஈடாகத் தருவது, அதற்குப் பிறகு இரண்டு மாத முன்னறிவிப்பு என்று எழுதிக்கொண்டால் இரு பக்கமும் பொறுப்பு ஏறக்குறையச் சமமாகும்.

இன்னும் ஒரு விஷயம், பெரும்பாலோர் கேட்காமல் விடுவது. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா? 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் 65-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அடமானத்தில் உள்ள கட்டடத்தை உரிமையாளர் தானாகக் குத்தகைக்கு விட்டால் அதன் காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது அது. நாம் கேட்பதும் சரியாக மூன்று ஆண்டுதான். ஆனால் அடமானப் பத்திரத்தில் ‘எங்கள் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது’ என்று வங்கி எழுதியிருந்தால் அதுதான் மேலோங்கும். தவணை கட்டாமல் வங்கி வீட்டை எடுக்க வந்தால் பையனின் பொதுத்தேர்வு அதற்குத் தெரியாது. எனவே வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். அடமானம் இருந்தால் வங்கியிடம் அனுமதிக் கடிதம் வாங்கித் தரச் சொல்லுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து, அவர் அண்ணனோ அப்பாவோ கையெழுத்திடுவதாக இருந்தால், பவர் பத்திரம் இல்லாமல் அந்தக் கையெழுத்து செல்லாது என்பதையும் இதே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டை விற்றுவிட்டால்? பதிவான குத்தகை புதிய உரிமையாளரையும் கட்டும். பழையவர் இடத்தில் அவர் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். நடைமுறையில் வரும் சிக்கல் வேறு. “உங்க அட்வான்ஸ் என்கிட்ட வரலையே, பழைய ஓனர்கிட்டக் கேளுங்க” என்பார் புதியவர். பழையவர் போனை எடுக்கமாட்டார். ‘வீட்டை விற்றால் அட்வான்ஸ் தொகையை வாங்குபவரிடம் ஒப்படைத்து, அவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற்றுத் தர வேண்டும்’ என்பதைப் பத்திரத்தில் சேர்த்துவிட்டால், வீட்டுக்காரர் மறந்தாலும் வாங்குகிறவரின் வக்கீல் அதைக் கவனிப்பார்.

பதிவு நாளன்று இருவரும் அடையாளச் சான்றோடும் இரண்டு சாட்சிகளோடும், வீடு எந்தச் சார் பதிவாளர் எல்லையில் வருகிறதோ அங்கே போக வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும். அத்தோடு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 2017 சட்டப்படி நகர்ப்புற வாடகை ஒப்பந்தம் ஒவ்வொன்றையும், அது 11 மாதமோ 36 மாதமோ, வாடகை அதிகாரியிடமும் பதிந்து எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். அலுவலகம் தேடிப் போக வேண்டியதில்லை, tenancy.tn.gov.in தளத்தில் விவரங்களையும் ஒப்பந்தத்தையும் ஏற்றினால் போதும். பின்னால் தகராறு வந்து அந்த அதிகாரியிடமோ வாடகை நீதிமன்றத்திலோ போய் நிற்க நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க இருங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா பதிவெல்லாம் வேண்டாம்” என்றால்? நல்ல மனிதராகவே இருக்கலாம். அவர் வார்த்தையை மதித்துக்கொண்டே, கிடைக்கிற பாதுகாப்பை எடுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. பதிவு கட்டாயமாவது ஓராண்டைத் தாண்டினால்தான். மாத வாடகைக்குச் சரியாக 12 மாதம் என்பது தாண்டியது ஆகாது. எனவே 11 மாத அச்சுப் பத்திரத்தைக் கைவிட்டு, ஜூன் 1 முதல் மே 31 வரை என்று 12 மாத ஒப்பந்தம் கேளுங்கள். 11 மாதம்தான் என்று பிடிவாதமாக இருந்தால், ஜூன் மாதத்தைத் தனியாக ஒரு கடிதத்தில் முடித்துக்கொண்டு ஜூலை 1-இல் ஒப்பந்தத்தைத் தொடங்குங்கள். 11 மாதம் மே 31-இல் முடியும். மூன்று வருட உறுதி இதில் கிடைக்காது. வருடா வருடம் பேசித்தான் ஆக வேண்டும், வாடகையும் ஏறலாம். ஆனால் அந்தப் பேச்சு கோடை விடுமுறையில் நடக்கும். ஹால் டிக்கெட் வந்த வாரத்தில் நடக்காது.

ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது என்றால் இந்தப் பேச்சைப் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். அப்போது வீட்டுக்காரருக்கு வேறு ஆள் பார்க்கும் எண்ணம் வந்திருக்காது. அவர் மறுத்தாலும் அதே பள்ளிக்கு நடக்கும் தூரத்தில் வேறு வீடு பார்க்க உங்களுக்கு மூன்று மாதம் இருக்கும். மே கடைசியில் கேட்டால் புரோக்கர் காட்டுகிற வீட்டுக்குத்தான் போக வேண்டிவரும்.